சோதனைக்கு முந்நூறு பெட்டி: தொழிற்சாலையிடம் குறைந்த அளவில் முதல் கொள்முதல் கேட்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாவிளைச்சல் மிகுதி என்பதை யாவரும் அறிவர். பெங்களூரா என்று நம் விவசாயிகள் வழங்கும் இரகம் பெரும்பாலும் மாங்கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி முதலிய இரகங்கள் பழமாகவே உண்ணத் தக்கவை. இவற்றைத் தரம் பிரித்து, 5 கிலோ கொள்ளும் அட்டைப் பெட்டிகளில் அடைத்து, எல்லைக்கு அப்பால் இருக்கும் பெங்களூர் நகரத்து வீடுகளுக்கே நேராக அனுப்பினால் என்ன என்ற எண்ணம் பல ஊர்களில் எழுந்து வருகிறது. நல்ல எண்ணமே. ஆனால் அவ்வெண்ணத்தோடு பெட்டி வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் இடறி விழுவது ஒரே இடத்தில்தான். தொழிற்சாலையில் போய், “முந்நூறு பெட்டி வேண்டும்” என்று கேட்கிறார்கள். “மூவாயிரத்திற்குக் குறைந்து செய்வதில்லை” என்ற விடை கிடைக்கிறது.

அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கிறது. மனம் தளர்ந்து திரும்பி வந்து, பழையபடி பிளாஸ்டிக் கிரேட்டிலேயே மண்டிக்கு அனுப்புகிறார்கள்; அல்லது கடன் வாங்கி மூவாயிரம் பெட்டிகளை வாங்கிவிட்டு, பெட்டி தகுதியானதன்று என்பதைப் பருவத்தின் நடுவில் அறிகிறார்கள். இரண்டும் வேண்டியதில்லை. குறைந்த அளவு என்பது இரும்புச் சட்டமன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. அக்காரணங்களை அறிந்து, அவற்றுக்கு விடையோடு சென்று கேட்கிறவருக்குப் பல தொழிற்சாலைகள் இணங்கும். அந்த முறையையே இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுகிறோம்.

தொழிற்சாலை மறுப்பது ஏன்?

ஓசூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மோட்டார் வாகனம், கடிகாரம், இயந்திர உறுப்புகள் ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் பல இருக்கின்றன. இவற்றின் சரக்கை அடைத்து அனுப்ப நெளி அட்டைப் பெட்டி ஏராளமாக வேண்டும். ஆதலின் அட்டைப் பெட்டி செய்வோரும் இவ்வட்டாரத்தில் இருக்கின்றனர். எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய இடங்களிலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. மாதந்தோறும் பல்லாயிரம் பெட்டி வாங்கும் ஆலைகளோடு பழகியவர்களிடம் நாம் முந்நூறு கேட்கிறோம் என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும்.

நெளி அட்டை எவ்வாறு செய்யப்படுகிறது என்று காண்போம். பழுப்பு நிறக் காகிதம் பெரிய உருளைகளாக ஆலைக்கு வருகிறது. இதனை ரீல் என்பர். ஒரு ரீல் சில நூறு கிலோ எடையிருக்கும். ஒரு காகிதத்தைச் சூடான பல்லுருளைகளின் இடையே ஓட்டி நெளிவாக்கி, அதன் இரு புறமும் தட்டைக் காகிதத்தை ஒட்டினால் 3 பிளை அட்டை. இன்னும் ஒரு நெளிவும் ஒரு தட்டைக் காகிதமும் சேர்த்தால் 5 பிளை அட்டை. அதனை அளவாக வெட்டி, மடிப்புக் கோடிட்டு, மூலைகளில் பிளவு வெட்டி, ஓரத்தைத் தைத்தால் அல்லது ஒட்டினால் பெட்டி ஆயிற்று.

இதில் தொழிற்சாலைக்கு ஏற்படும் சிரமங்கள் மூன்று. முதலாவது, இயந்திரத்தை நம் அளவுக்குச் சீர்படுத்தும் வேலை. கத்திகளை நகர்த்த வேண்டும். மடிப்புக் கோட்டின் இடத்தை மாற்ற வேண்டும். சரியாக வரும் வரையில் சில தகடுகளைக் கழிக்க வேண்டும். முந்நூறு பெட்டியானாலும் மூவாயிரமானாலும் இவ்வேலை ஒன்றே. தானியங்கி வரிசை ஒன்று நிமிடத்திற்கு 100 மீட்டர் வீதம் ஓடுகிறது என்று வைத்துக் கொண்டால், நம் முந்நூறு பெட்டிக்கு வேண்டிய அட்டை ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்காக இயந்திரத்தைச் சீர்படுத்த அதைவிடப் பல மடங்கு நேரம் செல்லும். அவர்கள் தயங்குவதில் வியப்பில்லை.

இரண்டாவது, எஞ்சும் காகிதம். நம் பெட்டிக்கென்று தனியாக ஓர் இரகக் காகிதம் வாங்கினால், முந்நூறு பெட்டிக்கு ஏறத்தாழ 130 கிலோதான் செலவாகும். மீதி ரீல் கிடங்கில் முடங்கும். மூன்றாவது, அச்சு. பெட்டியின்மீது ஊர்ப்பெயரும் மாம்பழப் படமும் அச்சிட வேண்டுமானால், ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் அச்சுத் தகடு செய்ய வேண்டும். ஸ்டீரியோ என்று தொழிற்சாலையில் கூறுவது இதனையே. காற்றோட்டத் துளைகளைக் குறிப்பிட்ட வடிவில் வெட்ட வேண்டுமானால் பலகையில் கத்தி பதித்த டை ஒன்றும் வேண்டும். இவற்றின் செலவும் பெட்டியின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று.

ஆக, குறைந்த அளவு என்பது இம்மூன்று செலவுகளையும் எத்தனை பெட்டிகளின்மேல் பரப்பினால் கட்டும் என்று தொழிற்சாலை போட்ட கணக்கேயாகும். அச்செலவுகளை நாம் குறைத்தாலோ, வெளிப்படையாக ஏற்றுக் கொண்டாலோ அக்கணக்கு மாறிவிடும்.

எந்தத் தொழிற்சாலையிடம் கேட்பது?

பெட்டி செய்வோரில் இரு வகையினர் உண்டு. ரீலை ஒரு முனையில் ஏற்றினால் மறுமுனையில் அளவு வெட்டிய அட்டை வந்து விழும் தானியங்கி ஆலைகள் ஒரு வகை. நெளிவுக் காகிதத்தை ஓர் இயந்திரத்தில் செய்து, தகடுகளாக வெட்டி, பசையிட்டு ஒட்டி, தனித்தனி இயந்திரங்களில் மடிப்பும் பிளவும் இடுகின்ற சிறு தொழிற்கூடங்கள் மற்றொரு வகை. பின்னவரிடம் வேலை மெதுவாக நடக்கும். ஆனால் அளவு மாற்றுவது எளிது. முந்நூறு, ஐந்நூறு என்ற எண்ணிக்கை அவர்களுக்கு அந்நியமன்று. ஆதலின் சோதனைக் கொள்முதலுக்கு முதலில் இத்தகைய சிறு கூடங்களையே நாட வேண்டும். தொலைபேசியில் விலை கேட்கும்போதே, “உங்களிடம் தானியங்கி வரிசையா, தகடு தகடாக ஒட்டும் முறையா?” என்று கேட்டறிந்தால் வீண் நடை மிச்சமாகும்.

எல்லைக்கு அப்பாலுள்ள கூடங்களையும் விலக்க வேண்டியதில்லை. 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி நடைமுறையில் இருப்பதால், ஒரே பொருளுக்கு இரு மாநிலங்களிலும் வரி விகிதம் ஒன்றே. அத்திப்பள்ளியில் வாங்கினால் பட்டியலில் ஒருங்கிணைந்த வரி என்றும், ஓசூரில் வாங்கினால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகவும் காணும், மொத்தம் மாறாது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்கின் மதிப்பு ரூ. 50,000-க்கு மேற்பட்டால் மின்வழிச் சீட்டு வேண்டும். நம் சோதனைக் கொள்முதல் அவ்வளவுக்கு எட்டாது. முந்நூறு பெட்டிகளும் மடிந்த நிலையில் 130 கிலோ அளவேயாதலால், காய் ஏற்றிச் சென்று வெறுமனே திரும்பும் வண்டியிலேயே போட்டுக் கொண்டு வந்துவிடலாம்.

அளவை மாற்றினால் கதவு திறக்கும்

இப்பொழுது ஒரு குழுவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காவேரிப்பட்டணத்தை அடுத்த ஊர் ஒன்றில் பதினைந்து விவசாயிகள் சேர்ந்திருக்கிறார்கள். 5 கிலோ அல்போன்சா கொள்ளும் பெட்டி வேண்டும். அவர்கள் குறித்த உள்ளளவு: நீளம் 360 மில்லிமீட்டர், அகலம் 260, உயரம் 140. அடியிலும் மேலும் வைக்கோல் பரப்ப இடம் வேண்டுமென்று உயரத்தைச் சிறிது கூட்டியே வைத்தார்கள்.

சாதாரணப் பிளவுப் பெட்டிக்கு வெட்டும் தகட்டின் ஒரு பக்கம், பெட்டியின் அகலமும் உயரமும் கூட்டிய தொகை; மடிப்புக்காகச் சிறிது சேர்க்க வேண்டும். இங்கே 260-உம் 140-உம் சேர்ந்து 400. மடிப்புக்கு 10 சேர்த்து 410 மில்லிமீட்டர். மறு பக்கம், நீளமும் அகலமும் கூட்டி இரட்டித்து, ஓரம் தைக்க 40 மில்லிமீட்டர் சேர்த்தது, அதாவது 1,280.

அட்டையின் நெளிவுகள் பெட்டியில் நிமிர்ந்து நின்றால்தான் அது பாரம் தாங்கும். எனவே 410 என்னும் பக்கம் ரீலின் அகலத்தின் குறுக்கே அமைய வேண்டும். தொழிற்கூடத்தில் 1,200 மில்லிமீட்டர் அகல ரீல் இருக்கிறது என்று கொள்வோம். அதில் 410 எத்தனை அடங்கும்? மூன்று என்றால் 1,230 வேண்டும். 30 மில்லிமீட்டர் போதவில்லை. ஆகவே இரண்டுதான் அடங்கும். மீதி 380 மில்லிமீட்டர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காகிதம், கழிவாகிவிடும். இதனைத் தவிர்க்க வேறு அகலமுள்ள ரீல் வாங்க வேண்டும். அங்கேதான் “மூவாயிரத்திற்குக் குறையாது” என்ற சொல் பிறக்கிறது.

குழுவினர் பெட்டியின் அகலத்தை 260-லிருந்து 240-ஆகக் குறைத்து, நீளத்தை 360-லிருந்து 380-ஆகக் கூட்டினால் என்ன ஆகும்? உயரம் 140 அப்படியே இருக்கும். கொள்ளளவு ஏறத்தாழ மாறாது. தகட்டின் நீளம் 1,280-ஆகவே இருக்கும். ஆனால் குறுக்குப் பக்கம் 390-ஆகிவிடும். மூன்று 390 சேர்ந்தால் 1,170. 1,200 மில்லிமீட்டர் ரீலில் மூன்றும் அடங்கிவிடும். கழிவு 30 மில்லிமீட்டரே. இனி அவர்களிடம் இருக்கும் காகிதத்திலேயே நம் பெட்டியைச் செய்யலாம். தனி ரீல் வேண்டியதில்லை.

ஆதலின் தொழிற்கூடத்தாரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை பெட்டிக்குக் குறைந்து செய்வீர்கள்?” என்பதன்று. “உங்களிடம் எப்பொழுதும் இருப்பில் இருக்கும் ரீல் அகலம் என்ன, காகிதம் என்ன? அதற்கேற்ப எங்கள் பெட்டியைச் சற்று மாற்றிக் கொள்கிறோம்” என்பதே. இவ்வாறு கேட்கிறவரைத் தொழில் அறிந்தவராக அவர்கள் மதிப்பார்கள். காகிதத்தின் கனத்தையும் இவ்வாறே விட்டுக் கொடுக்கலாம். நாம் 150 ஜி.எஸ்.எம். காகிதம் நினைத்திருந்து, அவர்கள் வேறொரு வாடிக்கையாளருக்காக 160 ஓட்டிக் கொண்டிருந்தால், அந்த ஓட்டத்தின் முடிவில் நம் பெட்டியையும் சேர்த்துக் கொள்ளச் சொல்லலாம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை எத்தனை கிராம் என்பதே.

அச்சைப் பிறகு வைத்துக் கொள்வோம்

முதல் முந்நூறு பெட்டிக்கு அச்சு வேண்டாம். வெற்றுப் பழுப்புப் பெட்டி போதும். ஊர்ப்பெயர், இரகம், நிகர எடை, அடைத்த மாதம், விலை ஆகியவற்றை ஒட்டுச் சீட்டாக அடித்து ஒட்டிக் கொள்ளலாம். இது சிக்கனம் மட்டுமன்று. விலையும் மாதமும் மாறுகின்றவை. இரகமும் பெட்டிக்குப் பெட்டி மாறலாம். அட்டையில் அச்சடித்துவிட்டால் மாற்ற இயலாது. சீட்டை மாற்றுவது எளிது. காற்றுத் துளைக்கும் தனி டை கேட்க வேண்டாம். தொழிற்கூடத்தில் வேறொருவருக்காகச் செய்த துளையச்சு இருந்தால் அதனைப் பயன்படுத்தச் சொல்லலாம். இல்லையேல் பக்கங்களில் வட்டத் துளை இடும் கையியந்திரம் போதும். துளைகள் மூலைகளை ஒட்டி அமையலாகாது. பெட்டியின் பாரத்தைப் பெரும்பாலும் மூலைகளே தாங்குகின்றன.

செலவை மறைக்காமல் ஏற்றுக் கொள்வது

இவ்வளவு செய்த பின்னும் இயந்திரத்தைச் சீர்படுத்தும் செலவு நின்றுவிடுகிறது. அதனை நாமே தருவதாகச் சொல்லிவிட வேண்டும். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்கும் பொருட்டு நாம் எடுத்துக் கொண்டவை. உண்மை விலையை அன்றன்று விசாரித்தறிய வேண்டும்.

பெட்டி ஒன்றின் விலை, மூவாயிரம் வாங்கினால், ரூ. 28 என்று கொள்வோம். அதில் சீர்படுத்தும் செலவு ரூ. 3,000 அடங்கியிருக்கிறது, பெட்டிக்கு ரூ. 1 வீதம் ஆகிறது. முந்நூறு பெட்டியே செய்தால் அதே ரூ. 3,000, பெட்டிக்கு ரூ. 10 ஆகும். அப்பொழுது நியாயமான விலை ரூ. 27-உம் ரூ. 10-உம் சேர்ந்து ரூ. 37. முந்நூறுக்கு ரூ. 11,100. மூவாயிரம் வாங்கினால் ரூ. 84,000.

பெட்டிக்கு ரூ. 9 கூடுதலாகத் தருகிறோமே என்று சிலர் மலைப்பார்கள். கூடுதலாகத் தருவது மொத்தத்தில் ரூ. 2,700. இதனைப் பெட்டியின் விலையாகக் கருதாமல் சோதனையின் விலையாகக் கருத வேண்டும். பெட்டி ஈரத்தில் நைந்து போயிற்று என்றாலோ, வாங்குவோர் 3 கிலோப் பெட்டியே வேண்டும் என்றாலோ, முந்நூறு வாங்கியவருக்கு நட்டம் சில ஆயிரத்தோடு நிற்கும். மூவாயிரம் வாங்கியவர் பெரும்பகுதிப் பணத்தைக் கிடங்கில் பூட்டி வைத்தவராவார். நெளி அட்டை மழைக்காலத்து ஈரத்தில் வலுவிழக்கும். கரையானும் எலியும் சேரும். அடுத்த பருவத்திற்கு நம்பி வைக்கத் தக்க பண்டமன்று.

ஆனால் விலையைப் பேசும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்நூறுக்கு, ஆயிரத்திற்கு, மூவாயிரத்திற்கு என்று மூன்று அளவுகளுக்கும் விலையை ஒரே தாளில் எழுதி வாங்க வேண்டும். அப்படிச் செய்தால் சோதனை விலை என்றென்றைக்கும் நம் விலையாகிவிடாது. மூன்று விலைகளையும் ஒப்பிட்டால் சீர்படுத்தும் செலவாக அவர்கள் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்பதும் விளங்கும்.

கடிதம் எழுதும் முறை

வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் கடிதமாகவே கொடுப்பது நன்று. கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். மாதிரி ஒன்றைக் கீழே தருகிறோம்.

“ஐயா,

நாங்கள் காவேரிப்பட்டணம் வட்டாரத்தைச் சேர்ந்த மா விவசாயிகள் குழுவினர். 5 கிலோ மாம்பழம் அடைக்கும் பெட்டி ஒன்றை இவ்வாண்டு சோதித்துப் பார்க்க விரும்புகிறோம். தங்களுடைய வழக்கமான குறைந்த அளவு 3,000 என்று அறிகிறோம். சோதனைக்காக முதல் முறை மட்டும் 300 பெட்டிகள் செய்து தருமாறு கேட்டுக் கொள்கிறோம்.

பெட்டி: 5 பிளை, சாதாரணப் பிளவுப் பெட்டி, உள்ளளவு 380, 240, 140 மில்லிமீட்டர். அச்சு வேண்டாம். தங்களிடம் இருப்பில் உள்ள 150 ஜி.எஸ்.எம். அல்லது அதற்கு மேற்பட்ட காகிதம் எதுவாயினும் ஏற்போம். ரீல் அகலத்திற்கு ஏற்ப அளவில் 10 மில்லிமீட்டர் வரை மாற்றலாம். மாற்றினால் முன்னரே தெரிவிக்கவும்.

இயந்திரம் சீர்படுத்தும் செலவைத் தனியாகக் குறித்து அனுப்பினால் அதனை நாங்கள் ஏற்கிறோம். எண்ணிக்கை 270 முதல் 330 வரை வந்தாலும் வந்த அளவுக்குப் பணம் தருவோம். ஏப்ரல் 10-ஆம் தேதிக்குள் கிடைத்தால் போதும். தங்களுக்கு வசதியான நாளில், வேறு வேலையோடு சேர்த்துச் செய்யலாம்.

சோதனை வெற்றி பெற்றால் இப்பருவத்திலேயே 1,000 பெட்டிகள் வேண்டியிருக்கும் என்று கருதுகிறோம், இது உறுதிமொழியன்று. 300, 1,000, 3,000 ஆகிய மூன்று அளவுகளுக்கும் விலையும், முதலில் மாதிரிப் பெட்டி இரண்டும் அனுப்பும்படி வேண்டுகிறோம்.”

இக்கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் தொழிற்கூடத்தின் ஒரு சிரமத்திற்கு விடையாகும். எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு கூடக் குறைய வரலாம் என்று சொன்னது, அட்டை கழிவதை முன்கூட்டித் துல்லியமாகக் கணிக்க இயலாது என்பதற்காக. நாளை விட்டுக் கொடுத்தது, அவர்கள் அதே காகிதத்தை ஓட்டும் நாளில் நம் வேலையைச் செருகிக் கொள்ள. இந்த வசதி அவர்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் நாம் பருவம் தொடங்கிய பிறகு ஓடலாகாது. பிப்ரவரி மாதத்திலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும்.

“அடுத்த முறை பத்தாயிரம் வாங்குவோம்” என்று ஆசை காட்டுவது தவறு. அச்சொல்லைத் தொழிற்கூடத்தார் பலமுறை கேட்டிருப்பார்கள், நம்ப மாட்டார்கள். நம்பினால் இன்னும் தீங்கு. ஏமாந்தபின் நம் ஊரிலிருந்து அடுத்து வருகிறவருக்கும் கதவடைப்பார்கள்.

சில வேளைகளில் தொழிற்கூடத்தார் மாற்று யோசனை ஒன்று சொல்வர்: “மூவாயிரமும் செய்து வைத்துக் கொள்கிறோம், முந்நூறாக எடுத்துச் செல்லுங்கள்.” கேட்பதற்கு இனிக்கும். ஆனால் மூவாயிரத்திற்கும் நாம் கட்டுப்பட்டவர்களாகிறோம். சோதனையில் பெட்டியின் அளவை மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் என் செய்வது? சோதனை முடிந்த பின் இரண்டாம் கொள்முதலுக்கு இம்முறை ஏற்றது. முதல் கொள்முதலுக்கு ஏற்றதன்று.

மாதிரியும் சரக்கும் ஒன்றா?

மாதிரிப் பெட்டி பெரும்பாலும் கையால் வெட்டிச் செய்தது. அது உறுதியாக இருக்கும். பின்னர் வரும் முந்நூறும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, தராசு போதும்.

நம் பெட்டியின் தகடு 1.28 மீட்டர் நீளமும் 0.39 மீட்டர் அகலமும் உடையது. ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர். 5 பிளையில் தட்டைக் காகிதம் மூன்று. 150 வீதம் 450 கிராம். நெளிவுக் காகிதம் இரண்டு. நெளிவதால் ஒரு மீட்டர் அட்டைக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் காகிதம் செல்லும். ஆக இரண்டுக்கும் 420 கிராம். மொத்தம் சதுர மீட்டருக்கு 870 கிராம். அரைச் சதுர மீட்டருக்கு 435 கிராம். பிளவு வெட்டியதில் சிறிது குறையும். பசையால் சிறிது கூடும். வந்த சரக்கில் பத்துப் பெட்டிகளை அங்கும் இங்குமாக எடுத்து ஒன்றாக நிறுத்தால், நான்கேகால் கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். மூன்றரைக் கிலோவே இருந்தால் காகிதம் மெலிந்தது என்பது உறுதி. நிறுக்கும்போது பெட்டி உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் ஏறிய அட்டை கூடுதல் எடை காட்டி ஏமாற்றும். “பெட்டியின் எடை இவ்வளவுக்குக் குறையலாகாது” என்று கொள்முதல் சீட்டிலேயே எழுதிவிடுவது மிக நல்லது.

சோதனையைச் சோதனையாகவே நடத்துவது

முந்நூறு பெட்டி வந்ததும் எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்துவிட்டு, “நன்றாகத்தான் இருந்தது” என்று சொல்வது சோதனையாகாது. மூன்று செய்திகளை எழுதி வைக்க வேண்டும்.

முதலாவது, பாரம். நிறைந்த பெட்டி ஒன்று ஐந்தரைக் கிலோ என்றால், எட்டு அடுக்கு ஏற்றும்போது அடிப்பெட்டியின்மேல் ஏழு பெட்டிகளின் பாரம், 38 கிலோவுக்குச் சற்று மேல், நிற்கும். வண்டியின் அதிர்ச்சிக்கும் ஈரத்திற்கும் இடம் விட்டு, இதைப்போல் இரு மடங்காவது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெற்றுப் பெட்டியை மூடி, மேலே பலகை வைத்து, 75 கிலோ நெல் மூட்டையை ஏற்றி, காய் அடைக்கும் கொட்டகையிலேயே ஓர் இரவு விட வேண்டும். மாலையில் நான்கு மூலைகளிலும் உயரத்தை அளந்து, காலையில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். பக்கங்கள் பிதுங்கியிருந்தாலும், ஒரு மூலை அமிழ்ந்திருந்தாலும் பெட்டி போதாது. பெட்டி அமிழ்ந்தால் பாரம் பழத்தின்மேல் இறங்கும்.

இரண்டாவது, ஈரம். மாம்பழம் பறித்த பின்னும் மூச்சு விடுகிறது. வெப்பத்தையும் நீராவியையும் வெளியிடுகிறது. வெயிலில் இருந்த காயை உடனே அடைத்தால் பெட்டியின் உட்புறம் வியர்த்து, அட்டை நையும். இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து அடிப்பலகையை விரலால் அழுத்திப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அவ்வாறானால் உடனே பெட்டியைக் குறை கூறாமல், பாதிக் காயை நிழலில் ஆறவைத்து அடைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குறை பெட்டியினுடையதா, நம் வேலையினுடையதா என்பது அப்பொழுதே விளங்கும்.

மூன்றாவது, வழி. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இருபது பெட்டிகளுக்கு எண்ணிட்டு, எந்த அடுக்கில் வைத்தோம் என்று குறித்து, சேருமிடத்தில் திறந்து எத்தனை பழம் கன்றியது என்று எண்ண வேண்டும். அடி அடுக்கில் மட்டும் கன்றியிருந்தால் குறை பாரம் தாங்காமை. எல்லா அடுக்கிலும் கன்றியிருந்தால் பெட்டிக்குள் பழம் ஆடுகிறது, வைக்கோல் போதவில்லை என்று கொள்ளலாம்.

இம்மூன்று குறிப்புகளோடு தொழிற்கூடத்திற்கு மீண்டும் செல்லும் குழுவின் நிலை வேறு. “நடு மூலையில் அமிழ்கிறது, மேல் காகிதத்தை மட்டும் கனமாக்குங்கள், இப்பொழுது ஆயிரம் செய்யலாம்” என்று சொல்லும் வாடிக்கையாளரைத் தொழிற்கூடம் இழக்க விரும்பாது.

பஞ்சாயத்து செய்யத் தக்கது

இரண்டாம் கொள்முதலில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் ஒரு பணி உண்டு. அண்டை ஊர்களில் இரண்டு மூன்று குழுக்கள் வெவ்வேறு அளவில் பெட்டி கேட்டால் ஒவ்வொருவரும் முந்நூறுக்காரராகவே நிற்பர். ஒரே அளவில் வெற்றுப் பெட்டியை எல்லோரும் ஏற்று, ஒட்டுச் சீட்டை மட்டும் தனித்தனியே வைத்துக் கொண்டால், அவர்கள் ஆயிரக்காரராவர். அதற்கு வேண்டியது பெட்டியின் அளவு, எடை, சோதனைக் குறிப்பு, மூன்று அளவுகளுக்கும் எழுதி வாங்கிய விலை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைப்பதேயாகும். ஆனால் முதல் சோதனையைக் கூட்டாகச் செய்ய வேண்டாம். ஒரு குழு முந்நூறு பெட்டியில் கண்ட குறையை மூன்று ஊர்களும் சேர்ந்து காண வேண்டியதில்லை.

மாப்பருவம் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிந்துவிடும். பருவம் முடிந்தபின் கிடங்கில் எஞ்சியிருக்கும் பெட்டிகளை எண்ணிப் பார்த்தால், முதலில் எவ்வளவு வாங்கியிருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு குழுவுக்கும் தெளிவாகும்.